அப்படியே போகும் படமும் மாற்றிப் போகும் படமும்

வீட்டு மீடியா சர்வர் என்பது தன் வன்தட்டில் இருக்கும் படங்களை வீட்டின் தொலைக்காட்சி, கைபேசி, மடிக்கணினி ஆகியவற்றுக்கு வலைப்பின்னல் வழியே அனுப்பும் கணினி. ஜெல்லிஃபின், பிளெக்ஸ், எம்பி ஆகியவை இதற்குப் பரவலாகப் பயன்படும் மென்பொருள்கள். இந்த சர்வர் ஒரு படத்தை இரண்டு விதமாக அனுப்பலாம். கோப்பில் உள்ளதை ஒரு பைட்டும் மாற்றாமல் அனுப்புவது டைரக்ட் பிளே. வாங்கும் கருவியால் அந்தக் கோப்பைத் திறக்க முடியாது என்றால், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை வேறு வடிவத்துக்கு மாற்றி மாற்றி அனுப்புவது டிரான்ஸ்கோடிங்.

டைரக்ட் பிளேயில் சர்வருக்கு வேலை மிகக் குறைவு. நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தில் ஓடும் ஒரு 1080பி படத்துக்கு, வன்தட்டிலிருந்து நொடிக்கு 1.5 மெகாபைட் படித்துக் கொடுத்தால் போதும். ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியே இப்படிப் பல பேருக்கு ஒரே நேரத்தில் கொடுத்துவிடும். அதே கணினி அதே படத்தை டிரான்ஸ்கோட் செய்யத் தொடங்கினால் ஒருவருக்கே திணறும். இந்த இரண்டில் எது நடக்க வேண்டும் என்பது சர்வரின் விருப்பம் அல்ல. படத்தைக் கேட்கும் கருவி எதை ஏற்கும், எதை ஏற்காது என்பதே அதைத் தீர்மானிக்கிறது.

ஒரு கோப்புக்குள் இருப்பவை

எம்கேவி, எம்பி4 என்று கோப்பின் பெயர் முடிவில் வரும் எழுத்துகள் அதன் கண்டெய்னரை மட்டுமே குறிக்கும். டிபன் கேரியரின் ஒவ்வொரு அடுக்கிலும் வேறு வேறு பதார்த்தம் இருப்பதுபோல, கண்டெய்னருக்குள் காட்சி, ஒலி, சப்டைட்டில் ஆகியவை தனித்தனித் தடங்களாக இருக்கும். ஒவ்வொரு தடமும் தனக்கென ஒரு கோடெக்கில் சுருக்கப்பட்டிருக்கும். காட்சிக்கு 2003இல் வந்த எச்.264, 2013இல் வந்த எச்இவிசி, 2018இல் வந்த ஏவி1 ஆகியவை முக்கியமானவை. ஒலிக்கு ஏஏசி, டால்பி டிஜிட்டல், டிடிஎஸ், ட்ரூஎச்டி போன்றவை உண்டு. சப்டைட்டில் எழுத்தாகவும் இருக்கலாம், படமாகவும் இருக்கலாம்.

எனவே “இந்தத் தொலைக்காட்சியில் எம்கேவி ஓடும்” என்று சொல்வது முழு விடை ஆகாது. கண்டெய்னர், காட்சி, ஒலி, சப்டைட்டில் ஆகிய நான்கையும் கருவி ஏற்க வேண்டும். படத்தின் பிட்ரேட்டும் அனுமதித்த வரம்புக்குள் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் டைரக்ட் பிளே நடக்காது.

கருவியில் இருக்கும் செயலி, தன்னால் எவையெவை முடியும் என்ற பட்டியலைப் படம் தொடங்கும் முன்பே சர்வருக்கு அனுப்பிவிடும். சர்வர் அந்தப் பட்டியலையும் கோப்பின் விவரங்களையும் ஒப்பிட்டு முடிவெடுக்கும். பட்டியல் செயலி கொடுப்பது என்பதால், ஒரே தொலைக்காட்சியில் இரண்டு செயலிகள் இரண்டு விதமாக நடந்துகொள்வதும் உண்டு. தொலைக்காட்சியின் பிரவுசரில் மாற்றத்துக்கு உள்ளாகும் படம், அதே தொலைக்காட்சியின் தனிச் செயலியில் அப்படியே ஓடலாம்.

மாற்றத்தின் படிகள்

டைரக்ட் பிளேக்கும் முழு டிரான்ஸ்கோடிங்குக்கும் நடுவே இரண்டு படிகள் இருக்கின்றன. ஜெல்லிஃபின் இவற்றைத் தனித்தனிப் பெயரிட்டு அழைக்கிறது.

கண்டெய்னர் மட்டும் பொருந்தாதபோது நடப்பது ரீமக்ஸ். காட்சியும் ஒலியும் தொடப்படாமல் வேறு கண்டெய்னருக்குள் மாற்றி வைக்கப்படும். எதையும் விரித்துச் சுருக்க வேண்டியதில்லை என்பதால் சர்வருக்கு இது பொருட்டே அல்ல, தரமும் குறையாது.

ஒலி பொருந்தாதபோது நடப்பதை ஜெல்லிஃபின் டைரக்ட் ஸ்ட்ரீம் என்கிறது. காட்சி அப்படியே போகும், ஒலி மட்டும் மாற்றப்படும். இதுவும் எளிய வேலைதான். ஆறு சேனல் ஒலியில் நொடிக்கு 48,000 வீதம் மொத்தம் 2,88,000 மாதிரிகள் இருக்கின்றன. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் 1080பி காட்சியில் ஏறத்தாழ 5 கோடிப் புள்ளிகள் இருக்கின்றன. ஒலியை மாற்றுவதற்கும் காட்சியை மாற்றுவதற்கும் உள்ள இடைவெளி இதிலிருந்தே தெரியும்.

காட்சியையே மாற்ற வேண்டி வந்தால் அது முழு டிரான்ஸ்கோடிங். சர்வர் முதலில் சுருக்கத்தை விரித்து முழு ஃபிரேம்களை உருவாக்க வேண்டும். 1080பி காட்சியின் ஒரு ஃபிரேம் விரிந்த நிலையில் சுமார் 3.1 மெகாபைட், நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் 75 மெகாபைட். வன்தட்டில் நொடிக்கு 1.5 மெகாபைட்டாக இருந்தது நினைவகத்தில் ஐம்பது மடங்காகப் பெருகி நிற்கிறது. அதை மீண்டும் சுருக்குவது அதைவிடக் கடினம். ஒவ்வொரு ஃபிரேமையும் சிறு கட்டங்களாகப் பிரித்து, முந்தைய ஃபிரேமில் அதே உருவம் எங்கே இருந்தது, எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தேட வேண்டும். நொடிக்கு 24 முறை இந்தத் தேடல் நடந்து முடிய வேண்டும். 4கே 10 பிட் காட்சியில் விரிந்த ஃபிரேம்களின் அளவு நொடிக்கு ஏறக்குறைய 600 மெகாபைட், அதாவது 1080பிக்கு எட்டு மடங்கு.

முதல் சுருக்கத்திலேயே கண்ணுக்குப் புலப்படாத நுணுக்கங்கள் கழிக்கப்பட்டிருக்கும். இரண்டாவது சுருக்கம் மிஞ்சியவற்றிலும் கொஞ்சம் கழிக்கும். இருட்டுக் காட்சிகளில் கட்டம் கட்டமாகத் தெரிவதும், வானத்தின் நிறம் பட்டை பட்டையாகப் பிரிவதும் இதன் விளைவுகள்.

கருவிகள் மறுப்பதற்கான காரணங்கள்

தொலைக்காட்சியிலும் சிறு ஸ்ட்ரீமிங் கருவியிலும் இருக்கும் பொதுவான பிராசசருக்கு ஆற்றல் குறைவு. காட்சியை விரிக்கும் வேலையை அது செய்வதில்லை. அதற்கென்றே சிப்புக்குள் செதுக்கப்பட்ட ஒரு தனிச் சுற்று செய்கிறது. அந்தச் சுற்று எந்த கோடெக்குக்காக உருவாக்கப்பட்டதோ அதை மிகக் குறைந்த மின்சாரத்தில் விரிக்கும். மற்றதை அதனால் தொடவே முடியாது. மென்பொருளைப் புதுப்பித்தும் பயனில்லை. முதல் மூன்று தலைமுறை குரோம்காஸ்ட் கருவிகளில் எச்இவிசிக்கான சுற்று இல்லை. அந்தக் கருவிகள் இருக்கும்வரை எச்இவிசி படங்களை சர்வர்தான் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

கோடெக்கின் பெயர் பொருந்தினாலும் உள்விவரம் தடுக்கலாம். எச்.264இல் 4.1 என்ற நிலை 1080பி படத்தை நொடிக்கு 30 ஃபிரேம் வரைதான் அனுமதிக்கிறது. 60 ஃபிரேமுக்கு 4.2 வேண்டும். 4.1 வரை மட்டும் ஏற்கும் பழைய குரோம்காஸ்டில் 60 ஃபிரேம் வீடியோ மாற்றத்துக்கு உள்ளாவது இதனால்தான். இன்னொரு பொறி 10 பிட் எச்.264. ஜப்பானிய அனிமே தொகுப்புகள் பல இந்த வடிவில் உலவுகின்றன. பெரும்பாலான சிப் தயாரிப்பாளர்கள் இதற்குச் சுற்று வைக்கவே இல்லை. எச்இவிசியில் 10 பிட் எளிதாக ஓடும் தொலைக்காட்சி, எச்.264இல் அதையே மறுப்பது பார்ப்பவருக்குப் புதிராகத் தோன்றும்.

மற்றொரு காரணம் உரிமக் கட்டணம். எச்இவிசியின் காப்புரிமைகள் பல குழுக்களின் கையில் சிதறிக் கிடப்பதால் பிரவுசர்கள் நெடுங்காலம் அதை ஒதுக்கி வைத்தன. குரோம் 2022இல்தான் அதை ஏற்றது, அதுவும் பெரும்பாலும் கணினியின் சிப்பில் வசதி இருந்தால் மட்டுமே. விண்டோஸ் கணினிகளுக்கான ஃபயர்ஃபாக்ஸ் 2025இல் அதைத் தொடர்ந்தது. ஒலியிலும் இதே கதைதான். சாம்சங் தன் 2018ஆம் ஆண்டு தொலைக்காட்சிகளிலிருந்து டிடிஎஸ் ஆதரவை நீக்கியது. எல்ஜி 2020 மாடல்களில் நீக்கிவிட்டு 2023இல் சில மாடல்களில் திரும்பச் சேர்த்தது. பழைய தொலைக்காட்சியில் ஓடிய படம் புதியதில் மாற்றத்தை வேண்டி நிற்பது இப்படித்தான்.

ஒரே கோப்பு, நான்கு கருவிகள்

இரண்டரை மணி நேரப் படம் ஒன்று எம்கேவி கோப்பாக இருக்கிறது என்று கொள்வோம். காட்சி 1080பி, 8 பிட் எச்.264, நிலை 4.1. ஒலி டிடிஎஸ் 5.1. சப்டைட்டில் புளூரே வட்டில் இருந்த பிஜிஎஸ் வடிவிலேயே இருக்கிறது. மொத்த பிட்ரேட் நொடிக்கு 12 மெகாபிட், கோப்பின் அளவு 13.5 ஜிகாபைட்.

டிடிஎஸ் ஒலியைப் புரிந்துகொள்ளும் ஆம்ப்ளிஃபயருடன் இணைந்த ஆண்ட்ராய்டு டிவி பெட்டியில் இது டைரக்ட் பிளேயாக ஓடும். பெட்டி ஒலியை விரிக்காமல் அப்படியே ஆம்ப்ளிஃபயருக்குக் கடத்திவிடும்.

2019 மாடல் சாம்சங் தொலைக்காட்சியில் காட்சிக்குத் தடை இல்லை, டிடிஎஸ் மட்டும் இல்லை. எனவே சர்வர் ஒலியை மட்டும் ஏஏசி அல்லது டால்பி டிஜிட்டலாக மாற்றும். இது டைரக்ட் ஸ்ட்ரீம். சர்வரின் பிராசசர் மீட்டரில் சிறு அசைவுதான் தெரியும்.

மடிக்கணினியின் பிரவுசரில் எச்.264 ஓடும், டிடிஎஸ் ஓடாது, எம்கேவியும் பெரும்பாலும் ஓடாது. ஒலியை ஏஏசியாக்கி, காட்சியைத் தொடாமல், இரண்டையும் சில நொடித் துண்டுகளாக வேறு கண்டெய்னரில் வைத்து சர்வர் அனுப்பும். இதுவும் மலிவான வேலையே.

வெளியூரில் இருப்பவரின் கைபேசிக்கு எச்.264 சிக்கலே இல்லை. ஆனால் வீட்டு இணைப்பின் பதிவேற்ற வேகத்தை எண்ணி அவர் செயலியில் 3 மெகாபிட் வரம்பு வைத்திருக்கிறார். 12 மெகாபிட் காட்சியை 3 மெகாபிட்டுக்குள் அடக்க மறுபடி சுருக்குவதைத் தவிர வழியில்லை. நான்கு கருவிகளில் இதற்குத்தான் முழு டிரான்ஸ்கோடிங் தேவைப்படுகிறது. அதற்குக் காரணம் கோடெக் அல்ல, பிட்ரேட். சில செயலிகளில் இந்த வரம்பு தொடக்கத்திலேயே குறைவாக வைக்கப்பட்டிருக்கும். வேகமான இணைப்பிருந்தும் படம் மங்கலாக வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் செயலியின் தர அமைப்பு.

சப்டைட்டில் இழுத்துவிடும் வேலை

மேற்கண்ட கணக்கில் யாரும் சப்டைட்டிலைத் திறக்கவில்லை. மடிக்கணினியில் பார்ப்பவர் நடுவில் அதைத் தேர்ந்தெடுத்தால் நிலைமை தலைகீழாக மாறலாம்.

எஸ்ஆர்டி வடிவச் சப்டைட்டில் வெறும் எழுத்து. எந்த நொடியில் தோன்ற வேண்டும், எப்போது மறைய வேண்டும் என்ற குறிப்புடன் வரும். அதைத் தன் எழுத்துருவில் திரையின்மேல் எழுதுவது கருவிக்கு எளிது. பிஜிஎஸ் அப்படியல்ல. அதில் ஒவ்வொரு வரியும் ஒரு சிறு படம். அந்தப் படங்களைப் பிரித்தெடுத்துக் காட்சியின்மேல் பதிக்கத் தெரியாத செயலிகள் பல உண்டு. அப்போது சர்வர்தான் அந்த எழுத்துப் படத்தைக் காட்சியோடு காட்சியாக ஒட்டி அனுப்ப வேண்டும். ஒட்டுவதற்கு முன் காட்சியை விரிக்க வேண்டும், ஒட்டிய பின் மறுபடி சுருக்க வேண்டும். காட்சி எவ்வளவு பொருத்தமான கோடெக்கில் இருந்தாலும் முழு டிரான்ஸ்கோடிங் தொடங்கிவிடும். சப்டைட்டில் தோன்றாத நிமிடங்களிலும் மாற்றம் ஓடிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் ஓடையின் வடிவத்தை நடுவில் மாற்றி மாற்றி அனுப்ப முடியாது.

நிறம், இடம், எழுத்துரு ஆகியவற்றைத் தன்னுள் கொண்ட ஏஎஸ்எஸ் வடிவமும் சில கருவிகளில் இதே விளைவைத் தரும். நேற்றுவரை தடையின்றி ஓடிய படம் இன்று சப்டைட்டிலைத் திறந்ததும் நின்று நின்று ஓடுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

எச்டிஆர் படமும் வன்பொருள் உதவியும்

4கே எச்டிஆர் படத்தைச் சாதாரணத் திரைக்கு அனுப்பும்போது இன்னொரு வேலை சேர்கிறது. எச்டிஆரின் ஒளி அளவுகள் சாதாரணத் திரையின் எல்லையைத் தாண்டியவை. அவற்றை அந்த எல்லைக்குள் அடக்கும் கணக்குக்கு டோன் மேப்பிங் என்று பெயர். அதைச் செய்யாமல் அனுப்பினால் படம் சாம்பல் பூத்து, நிறம் வெளிறித் தெரியும். ஒவ்வொரு புள்ளிக்கும் இந்தக் கணக்கைப் போட வேண்டும் என்பதால், விரிப்பது, சுருக்குவது ஆகியவற்றோடு இதுவும் சேர்ந்தால் சாதாரண பிராசசரால் ஈடுகொடுக்க இயலாது.

இங்குதான் சர்வரின் சிப்பில் உள்ள தனிச் சுற்றுகள் உதவுகின்றன. இன்டெல் 2011இல் குவிக் சிங்க் என்ற பெயரில் இத்தகைய சுற்றைத் தன் பிராசசர்களில் சேர்த்தது. 10 பிட் எச்இவிசியை முழுமையாகக் கையாளும் திறன் கேபி லேக் தலைமுறையில் வந்தது. 6 வாட் பிராசசரான இன்டெல் என்100 விலை மலிவாக இருந்தும் வீட்டு சர்வர்களில் விரும்பப்படுவதற்கு இந்தச் சுற்றே காரணம். பல 1080பி மாற்றங்களை அது ஒரே நேரத்தில் தாங்கும். மாறாக ராஸ்பெரி பை 5இல் காட்சியைச் சுருக்கும் சுற்று கிடையாது. டைரக்ட் பிளேக்கு மட்டும் என்றால் அது போதும், டிரான்ஸ்கோடிங்குக்குப் பொருந்தாது. ஜெல்லிஃபினில் இந்த வசதியை அமைப்புகளில் இயக்கிவிட வேண்டும், தானாக இயங்காது.

கண்டறிதலும் சரிசெய்தலும்

படம் ஓடும்போது சர்வரின் டாஷ்போர்டைத் திறந்தால், அது எந்த வகையில் ஓடுகிறது என்பதும் மாற்றத்தின் காரணமும் தெரியும். ஜெல்லிஃபினின் பதிவுகளில் காரணம் `TranscodeReasons` என்ற சொல்லை ஒட்டி வரும். `AudioCodecNotSupported` என்றால் ஒலிதான் சிக்கல், கவலைப்பட ஒன்றுமில்லை. `SubtitleCodecNotSupported` என்றால் சப்டைட்டில். `ContainerBitrateExceedsLimit` என்றால் கோப்பில் குறை இல்லை, வேக வரம்பை மாற்றிப் பார்க்க வேண்டும்.

சர்வர் ஈடுகொடுக்கிறதா என்பதை எஃப்எஃப்எம்பெக் பதிவில் ஓடும் வரி சொல்லும். மாற்றும் வேலையை உள்ளே உண்மையில் செய்வது அந்த நிரல்தான்.

```
frame= 1320 fps= 18 q=23.0 time=00:00:55.00 speed=0.75x
```

நொடிக்கு 24 ஃபிரேம் தேவைப்படும் இடத்தில் இங்கே 18தான் உருவாகிறது. ஒரு நிமிடப் படத்தைத் தயாரிக்க 80 நொடி ஆகிறது, எனவே படம் நின்று நின்று ஓடும். `speed` 1க்கு மேல் இருந்தால் சர்வர் முந்திக்கொண்டு போகிறது என்று பொருள். இதைப் படம் தொடங்கிய உடனே பார்க்க வேண்டும். போதுமான அளவு முன்னால் போனதும் வேலையை நிறுத்தி வைக்கும் அமைப்பு இயங்கினால், பிறகு இந்த எண் தானாகக் குறைந்து தவறான எண்ணத்தைத் தரும். படத்தை முன்னோக்கித் தள்ளினால் சில நொடி காத்திருக்க நேர்வது மட்டும் பழுதல்ல. தள்ளிய இடத்துக்கான துண்டுகள் இன்னும் உருவாகாததால், அங்கிருந்து மாற்றம் புதிதாகத் தொடங்குகிறது.

டைரக்ட் பிளேயில் நின்று நின்று ஓடினால் பிராசசரைச் சந்தேகிக்கக் கூடாது. பழுது வலைப்பின்னலில் இருக்கும். பல தொலைக்காட்சிகளின் ஈதர்நெட் துளை நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்காது. 4கே புளூரே வட்டின் வேகம் 128 மெகாபிட் வரை போகக்கூடியது. அத்தகைய கோப்புகளுக்குக் கம்பியைவிட நல்ல வைஃபை வேகமாக இருப்பதுண்டு.

நிரந்தரத் தீர்வு, எந்தத் தடம் தடுக்கிறதோ அதை மட்டும் முன்கூட்டியே மாற்றி வைப்பது. மேலே கண்ட கோப்பில் டிடிஎஸ் ஒலியை விட்டுவைத்து, அதன் முன்னே ஒரு டால்பி டிஜிட்டல் தடத்தைச் சேர்க்க ஒரே கட்டளை போதும்.

```
ffmpeg -i padam.mkv -map 0:v -map 0:a:0 -map 0:a:0 -map 0:s? \
  -c copy -c:a:0 ac3 -b:a:0 640k padam-2.mkv
```

`-c copy` இருப்பதால் காட்சி தொடப்படாது, தரம் குறையாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிஜிஎஸ் சப்டைட்டிலுக்கு எழுத்துணரி மென்பொருளால் எஸ்ஆர்டி தயாரித்து, படக்கோப்பின் பெயரிலேயே பக்கத்தில் வைக்கலாம். எழுத்துணரி சில எழுத்துகளைத் தவறாகப் படிக்கும் என்பதால் ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருக்கும்.

காட்சித் தடமே பொருந்தாதபோது இந்த வழி கைகொடுக்காது. அப்போது எஞ்சுபவை மூன்று: காட்சியை ஒருமுறை பொறுமையாக மாற்றிச் சேமித்து வைப்பது, சர்வரின் வன்பொருள் உதவியை இயக்குவது, அல்லது அந்தக் கோடெக்கை ஏற்கும் சிறு ஸ்ட்ரீமிங் பெட்டியைத் தொலைக்காட்சியில் செருகுவது. முதலாவதில் தரம் சற்றுக் குறையும், ஆனால் நேரக் கெடு இல்லாததால் உடனடி மாற்றத்தைவிட நன்றாக வரும். இரண்டாவது, வெளியூரிலிருந்து பார்ப்பவர்கள் இருக்கும் வீட்டுக்கு எப்படியும் தேவை. வீட்டுக்குள் மட்டும் படம் பார்ப்பவர்களுக்கு மூன்றாவது பெரும்பாலும் மலிவானது. அந்தப் பெட்டி வந்தபின் சர்வர் கோப்பைப் படித்துக் கொடுப்பதோடு நின்றுவிடும்.